அப்பத்தாவின் தண்டட்டியை அழித்துவிடும் ஆப்

கேள்வி: ஊர் தேவிபட்டினம். தாத்தா, அப்பத்தாவின் பழைய கறுப்பு-வெள்ளைப் படம் மங்கி, கண்ணாடியோடு ஒட்டிக்கிடக்கிறது. ஏஐ ஆப்பில் கலர் போட்டால் அப்பத்தா சினிமாக்காரி மாதிரி வருகிறார். பிராம்ப்ட்டில் என்ன எழுதணும்?

பதில்: முதலில், படத்தைக் கண்ணாடியிலிருந்து பிய்க்காதீர்கள். ஈரக்காற்றில் படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியில் பிடித்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடே 600 dpi-யில், கலர் மோடிலேயே ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு-வெள்ளை மோடில் எடுத்தால் மஞ்சள் கறையும் நிழலும் ஒரே சாம்பலாகிவிடும். ஒரு சென்டிமீட்டர் முகத்துக்கு இதில் சுமார் 236 பிக்ஸல் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். முகத்தில் பிக்ஸல் குறைந்தால் ஆப் தன் கற்பனையில் வேறு முகம் வரைந்துவிடும். சினிமாக்காரி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

பழுது நீக்குவதையும் கலர் போடுவதையும் ஒரே பிராம்ப்ட்டில் கேட்காதீர்கள். எது எங்கே கெட்டது என்றே தெரியாமல் போகும். முதலில் இது:

```
கீறல், கறை, மங்கலை மட்டும் நீக்கு. கறுப்பு-வெள்ளையாகவே
இருக்கட்டும். முகம், வயது, சுருக்கம், பார்வையை மாற்றாதே.
பெண்ணின் நீண்டு தொங்கும் காதுமடலும் தண்டட்டியும்
பழுதல்ல; அப்படியே விடு. ரவிக்கை அணியவில்லை; சேர்க்காதே.
தெரியாத இடத்தைப் புதிதாக வரையாதே.
```

காதைப் பற்றிய அந்த வரி முக்கியம். வளர்த்த காதைப் பல ஆப்கள் கிழிசலாக எடுத்துக்கொண்டு, சின்னக் காதும் கம்மலுமாக ‘சரிசெய்து’ விடுகின்றன. வந்த படத்தைப் பெரிதாக்கி, ஸ்கேனோடு பக்கத்தில் வைத்துக் காது, கண்ணிமை, மீசை மூன்றையும் பாருங்கள். மாறியிருந்தால் அந்த இடத்தை மட்டும் சொல்லித் திரும்பக் கேளுங்கள். சரியானபின் அந்தப் படத்தைக் கொடுத்து:

```
கலர் மட்டும் போடு; வடிவத்தை மாற்றாதே. சேலை செங்கல்
சிவப்பு, தண்டட்டி தங்கம், வேட்டி வெள்ளைப் பருத்தி,
தோல் மாநிறம்; வெளுப்பாக்காதே. பெண்ணின் நெற்றிப் பொட்டு
குங்குமச் சிவப்பு.
```

சேலை நிறத்தை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். சாம்பல் நிறத்தை வைத்து அசல் நிறத்தைச் சொல்ல எந்த ஆப்பாலும் ஆகாது. சிவப்பை உணராத பழைய ஃபிலிமில் சிவப்புச் சேலையும் குங்குமமும் கறுப்பாகத்தான் விழும். சொல்லாவிட்டால் கறுப்புப் பொட்டே மிஞ்சும். யாருக்கும் நிறம் நினைவில்லையென்றால் ‘மங்கிய பழுப்பு’ என்று எழுதுங்கள், பளபளக்கும் பட்டு வராது.

ஸ்டுடியோவில் கொடுத்துச் செய்வதானாலும் இந்தக் குறிப்பையே எழுதிக் கொடுங்கள். பாக்கிப் பணத்துக்கு முன் ஸ்கேன், பழுது நீக்கிய கறுப்பு-வெள்ளை, கலர் என மூன்று ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். புதுப் படத்தை ஃப்ரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டை மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இதுவும் ஒட்டிக்கொள்ளும்.