சம்பளத்துக்கு அக்கவுண்ட் நம்பர் எழுதிக் கொடுத்தாச்சு, அப்புறம் எதுக்குக் கோடு போட்டு கேன்சல் பண்ணின செக் கேட்கிறாங்க? சும்மா சடங்கா?

சடங்கு இல்லைங்க. அந்தச் செக்கைக் கேட்காமல் விட்டு மாட்டிக்கொண்டவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான் கடை ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். செட்டிநாட்டு வீடுகளை இடிக்கும்போது வருகிற தேக்குத் தூண், நிலை, கதவெல்லாம் எங்களிடம் வரும். அவற்றைச் செப்பனிட ஆசாரிகள் இருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த ஆசாரி ஒருவர் தன் கணக்கு எண்ணைக் காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். "செக் லீஃப் இருக்கா அண்ணே?" என்று பேருக்குக் கேட்டேன். "வீட்ல இருக்கு தம்பி, நாளைக்குக் கொண்டாரேன்" என்றார். அந்த நாளை வருவதற்குள் சம்பள நாள் வந்துவிட்டது.

அவர் எழுதிய 7 என் கண்ணுக்கு 1. வங்கித் தளம் எண்ணை இரண்டு முறை கேட்கும், தப்பு வராமல் இருக்கத்தான். ஆனால் இரண்டு முறையும் அதே தாளைப் பார்த்து அடித்தால் இரண்டு முறையும் அதே தப்புதானே வரும்? பெயரைச் சரியாக அடித்தேன். பெயர் பொருந்தாவிட்டால் வங்கி நிறுத்திவிடும் என்று நம்பினேன். 18,400 ரூபாய் போனது, 'வெற்றி' என்று திரையிலும் வந்தது.

இரண்டு நாள் கழித்து ஆசாரி, "தம்பி, இன்னும் வரலையே" என்றார். வங்கிக்குப் போனேன். "நீங்க கொடுத்த நம்பருக்குத்தான் சார் போயிருக்கு" என்றார்கள். விஷயம் அங்கேதான் புரிந்தது. வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் முறையில், பணம் கணக்கு எண்ணை மட்டும் பார்த்துத்தான் வரவு வைக்கப்படும். 2010-லேயே ரிசர்வ் வங்கி இதைத் தெளிவுபடுத்திவிட்டது. சரியான எண்ணைத் தருவது அனுப்புகிறவர் பொறுப்பு. அப்படி ஒரு கணக்கே இல்லையென்றால் பணம் திரும்பி வந்துவிடும். என் கெட்ட நேரம், 1 போட்ட எண்ணிலும் யாரோ ஒருவர் இருந்தார். அவர் சம்மதிக்காமல் அவர் கணக்கிலிருந்து எடுக்க முடியாது என்றார்கள். கடிதம் போய், பதில் வந்து, அவர் தவணையாகத் திருப்பித் தர ஒன்றரை மாதம் ஆனது. அதுவரை ஆசாரிக்கு என் கையிலிருந்து கொடுத்தேன். 'கவனக்குறைவு உன்னுது' என்று யாராவது கமெண்ட் போடுவீர்கள். ஆமாம், என்னுதுதான்.

செக் தாளில் கணக்கு எண், வங்கிக் கிளையைக் காட்டும் 11 எழுத்து ஐஎஃப்எஸ்சி, பெயர் மூன்றும் வங்கியே அச்சடித்தவை. கையெழுத்துக் குழப்பம் கிடையாது, அந்த எண் உங்கள் பெயருடையது என்பதற்கும் அதுவே ஆதாரம். இன்ஷூரன்ஸ் பணம், கடன் தொகை என்றால் போவது பெரிய தொகை, அதனால் இன்னும் கறாராகக் கேட்பார்கள். கடனில் மாதத் தவணையும் பெரும்பாலும் அதே கணக்கிலிருந்துதான் எடுப்பார்கள்.

கொடுக்கும்போது குறுக்கே இரண்டு கோடு போட்டு நடுவில் 'கேன்சல்டு' என்று எழுதுங்கள். கையெழுத்து வேண்டாம். கோடு எண்ணின் மேலும், அடியில் மெஷின் படிப்பதற்காக அச்சடித்திருக்கிற எம்ஐசிஆர் வரியின் மேலும் போகக் கூடாது. கடன் கொடுக்கிறவர் கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் கேட்டால் அது வேறு சமாசாரம், அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

'இப்போதுதான் பெயர் காட்டுகிறதே' என்பீர்கள். 2025 ஏப்ரலிலிருந்து நெஃப்ட்டிலும் அனுப்பும் முன் பெயரைப் பார்க்கும் வசதி வந்திருக்கிறது, உண்மைதான். பார்ப்பதும் விடுவதும் அனுப்புகிறவன் கையில். சம்பள நாள் சாயங்காலம் அவன் நிலைமை எனக்குத் தெரியும்.

கணக்கு திறந்த அன்றே கையில் கொடுக்கிற செக் புத்தகத்தில் பெரும்பாலும் பெயர் இருக்காது. அதை மட்டும் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள். முத்திரை போட்ட பாஸ்புக் முதல் பக்க நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் முதலாளியின் ஆத்தாவுக்கு ஒரு பாலிசி முதிர்ந்தது. பாலிசியில் மூன்று இனிஷியல், செக்கில் ஆதாரில் உள்ளபடி விரித்து எழுதிய பெயர். இருவரும் ஒரே ஆள்தான் என்று கிளையில் கடிதம் வாங்க இரண்டு நடை. இந்தப் பக்கம் விலாசம் என்று மூன்று நான்கு எழுத்து பெயருக்கு முன்னால் வரும், தலைமுறை தலைமுறையாக. படிவம் போடுகிறவர்களுக்கோ எல்லோருக்கும் முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டு கட்டம்தான். அத்தனையையும் விரித்து எழுதினால் கட்டம் போதாது, எழுதாவிட்டால் பொருந்தாது. ஆத்தா கேட்டது: "நான் உயிரோட வந்து நிக்கிறேன், அந்தத் தாள்ல இருக்கிறவ யாரு?"