‘தனிக் கவனம்’ என்ற வரியை என்ன செய்வது?

“பள்ளிச் சேர்க்கைக் கையேட்டைத் திருத்துகிறேன். ‘ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கவனம்’ மாதிரி வரிகளை எப்படி மாற்றுவது?”

இதற்கு நேர்மாறாக எந்தப் பள்ளியாவது எழுதுமா என்று பாருங்கள். எழுதாது, அதனால் அந்த வரி பெற்றோருக்கு எதையும் சொல்லவில்லை. வெட்டுவதற்கு முன்னால், எதை நினைத்து எழுதினீர்கள் என்று ஆசிரியர்களிடம் கேளுங்கள்.

பெரும்பாலும் ஆசிரியர்–மாணவர் விகிதத்தைக் காட்டுவார்கள். சரி, 600 மாணவர், 40 ஆசிரியர் என்றால் 1:15தான். ஆனால் அந்த 40 பேரில் நூலகர், விளையாட்டு ஆசிரியர், ஒரே ஒரு பீரியட் எடுக்கும் தலைமையாசிரியர் எல்லாரும் அடக்கம், மொத்தம் 16 பிரிவுகள்தான் இருக்கிறது என்றால் ஒரு வகுப்பறையில் 37, 38 பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். பெற்றோர் 15 என்று நம்பி வருவார்கள். பொய் சொல்லாமலே ஏமாற்றியதாகிவிடும்.

அதனால் இப்படி எழுதலாம்: “ஒரு வகுப்பில் அதிகபட்சம் 40 பேர். வாசிப்பில் பின்தங்கும் குழந்தைகளுக்கு, 6 பேர் கொண்ட குழுவாக, வாரம் 2 பீரியட் தனிப் பயிற்சி; கூடுதல் கட்டணம் இல்லை. 5ஆம் வகுப்புக்கு மேல் இந்தப் பயிற்சி இல்லை.”

கடைசி வாக்கியத்தை நிர்வாகம் எடுக்கச் சொல்லும். விடாதீர்கள். 6ஆம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வருகிறவருக்கு அந்தப் பக்கத்திலேயே மிகவும் தேவையான தகவல் அதுதான்.