எத்தனை கேபிபிஎஸ், நிமிடத்துக்கு எத்தனை எம்பி? – ஒலிப்பதிவுக் கேள்வி பதில்

சுங்கை சிப்புட்டில் ஒலிபெருக்கி செட் வாடகைக்கு விடுகிறேன். திருவிழா, கல்யாணம், பேச்சுப் போட்டி என்று கேட்பவர்களுக்குப் பதிவும் செய்து கொடுப்பது உண்டு. கடைக்கு வருகிறவர்கள் மைக்கைப் பற்றிக் கேட்பதைவிட "எவ்வளவு பெரிய கார்டு வாங்கணும்?" என்று கேட்பதுதான் அதிகம். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே அதைச் சுற்றியே இருந்ததால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: தோட்டத்தில் பால் மரம் வெட்டிய பெரியவர்கள் 12 பேரிடம் பழைய கதைகளைப் பதிவு செய்யப் போகிறோம். ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். ரெக்கார்டரில் 128 கேபிபிஎஸ் என்று வைத்திருக்கிறேன். எவ்வளவு இடம் பிடிக்கும்?

டீச்சர், 128 கேபிபிஎஸ் என்றால் ஒரு நொடிக்கு 128 ஆயிரம் பிட். கார்டு கணக்குப் பார்ப்பது பைட்டில். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அதனால் எட்டால் வகுத்தால் நொடிக்கு 16 ஆயிரம் பைட். அறுபதால் பெருக்கினால் நிமிடத்துக்கு 960 ஆயிரம் பைட், அதாவது 0.96 எம்பி. மொத்தமாக எழுதினால் இவ்வளவுதான்:

```
kbps × 60 ÷ 8 ÷ 1000 = MB/min
kbps × 0.0075 = MB/min
kbps × 0.45 = MB/hour
```

உங்களுக்கு 12 பேர், ஒன்றரை மணி, ஆக 18 மணி நேரம். 128-ஐ 0.45-ஆல் பெருக்கினால் மணிக்கு 57.6 எம்பி. பதினெட்டு மணிக்கும் சேர்த்து 1,037 எம்பி, ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேலே. மேசை டிராயரில் சும்மா கிடக்கும் 4 ஜிபி கார்டே தாராளம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஒரே மைக், ஒருவர் பேச்சு என்பதால் மோனோவில் வைத்தால் இடம் பாதியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். எம்பி3-யில் அப்படி ஆகாது. 128 என்பது மொத்தத்துக்கும் சேர்த்த எண்ணிக்கை. மோனோவானாலும் ஸ்டீரியோவானாலும் கோப்பு ஒரே அளவுதான். மோனோ வைத்து எண்ணையும் 64-க்கு இறக்கினால்தான் பாதியாகும், நிமிடத்துக்கு 0.48 எம்பி. பேச்சுக்கு அது போதும் என்றாலும் உங்கள் வேலைக்கு நான் இறக்க மாட்டேன். அந்தப் பெரியவர்களை மறுபடி உட்கார வைத்துப் பேச வைப்பது நம் கையில் இல்லை. இடமோ எக்கச்சக்கமாக இருக்கிறது.

கணினிக் கடையில் வேலை செய்யும் தம்பி: அண்ணே, 1000-ஆல் வகுக்கிறது தப்பு. கம்ப்யூட்டர்ல எல்லாமே 1024 தானே? 960-ஐ 1024-ஆல வகுத்தா 0.94 தான் வரும்.

பாதி சரி தம்பி. விண்டோஸ் 1024 கணக்கில்தான் காட்டும். ஆனால் அது இரண்டு தடவை 1024-ஆல் வகுக்கிறது: பைட்டைக் கேபியாக்க ஒரு தடவை, கேபியை எம்பியாக்க இன்னொரு தடவை. நீ ஒரு தடவை 1000, ஒரு தடவை 1024 என்று கலந்துவிட்டாய். உன் 0.94 விண்டோஸ் காட்டும் எண்ணும் இல்லை, கார்டு அட்டையில் போட்டிருக்கும் கணக்கும் இல்லை. 9,60,000 பைட் விண்டோஸ் கணக்கில் 0.92 எம்பி.

கேபிபிஎஸ்ஸில் வரும் 'கிலோ' எப்போதும் 1000 தான். கார்டு செய்கிறவர்களும் 1000 கணக்கில்தான் ஜிபி போடுகிறார்கள். அதனால்தான் 32 ஜிபி கார்டைச் செருகினால் விண்டோஸ் 29.8 என்று காட்டுகிறது; கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்கு வருகிறவர்களை நீயும் பார்த்திருப்பாய். கார்டு வாங்கக் கணக்குப் போடும்போது இரண்டு பக்கமும் 1000 என்றே வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. பதிவு முடிந்து விண்டோஸில் பார்க்கும்போது மட்டும் எம்பியில் சுமார் 4.6 சதவீதம் குறைவாகத் தெரியும். 45 நிமிடம் 128-ல் பதிவு செய்தால் நம் கணக்கு 43.2 எம்பி. திரையில் 41 சொச்சம் இருக்கும். எதுவும் தொலைந்துபோகவில்லை.

கோவில் இளைஞர் குழு: அண்ணே, திருவிழாவில் சாயங்காலம் 7 மணியிலிருந்து விடியக்காலை 5 மணி வரைக்கும் உருமி மேளம், பாட்டு எல்லாம் விடாமப் பதியணும். ரெக்கார்டர்ல WAV 24bit/48kHz னு இருக்கு. 48-ஐ 0.0075-ஆல பெருக்கினா நிமிஷத்துக்கு 0.36 எம்பி. பத்து மணி நேரத்துக்கு 216 எம்பி. கையில இருக்கிற 8 ஜிபி கார்டு போதும்ல?

போதாது தம்பி. ராத்திரி மூன்று மணி ஆகும் முன்னே கார்டு நிரம்பிவிடும்.

WAV ஒலியைச் சுருக்காமல் அப்படியே எழுதும் கோப்பு. அதில் 48 என்பது கேபிபிஎஸ் இல்லை. ஒரு நொடியில் எத்தனை ஆயிரம் தடவை ஒலியை அளக்கிறது என்பதுதான் அந்த 48 கிலோஹெர்ட்ஸ். ஒவ்வொரு தடவையும் 24 பிட் எழுதுகிறது. இடது, வலது என்று இரண்டு பக்கத்துக்கும் எழுதுகிறது. மூன்றையும் பெருக்கினால்தான் கேபிபிஎஸ் கிடைக்கும்.

```
48 × 24 × 2 = 2304 kbps
2304 × 0.0075 = 17.28 MB/min
17.28 × 600 = 10368 MB
```

பத்து மணி நேரத்துக்கு 10.4 ஜிபி. உன் 216 எம்பியைப் போல 48 மடங்கு. 8 ஜிபி கார்டில் 463 நிமிடம்தான் போகும், 7 மணி 43 நிமிடம். ஏழு மணிக்கு ஆரம்பித்தால் 2.43-க்கு நின்றுவிடும். கார்டில் முன்பே ஏதாவது இருந்தால் அதற்கும் முன்னால்.

16 ஜிபி கார்டு வாங்கினால் 15 மணி நேரத்துக்கு மேல் வரும். அதை 16bit/44.1kHz என்று மாற்றிக்கொண்டால் 44.1 × 16 × 2, அதாவது 1411 கேபிபிஎஸ், நிமிடத்துக்கு 10.6 எம்பி, பத்து மணிக்கு 6.4 ஜிபி, 8 ஜிபியிலேயே அடங்கும். ஆனாலும் உருமிக்கு நான் 24-ஐத்தான் வைப்பேன். மேளம் திடீரென்று ஏறும் என்று பயந்து அளவைக் குறைத்தே வைப்போம். பிறகு மெதுவான பகுதியைத் தூக்கிக் கேட்கும்போது 24 பிட்டில் இரைச்சல் குறைவாக இருக்கும்.

இன்னொரு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். 32 ஜிபி வரையிலான கார்டுகள் பெரும்பாலும் கோப்புகளை FAT32 என்ற முறையில் அடுக்கி வைக்கும். அதில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. இங்கே அந்த ஜிபி 1024 கணக்கு. WAV கோப்புக்கும் கிட்டத்தட்ட அதே எல்லைதான். உங்கள் அமைப்பில் அது 4 மணி 8 நிமிடத்தில் வரும், இரவு 11.08-க்கு. நல்ல ரெக்கார்டர் தானாகவே அடுத்த கோப்பைத் திறந்து தொடரும். சில ரெக்கார்டர்கள் 2 ஜிபியிலேயே வெட்டும், சில அப்படியே நின்றுவிடும். உங்களுடையது எந்த ரகம் என்று திருவிழா அன்றைக்குக் கண்டுபிடிக்க வேண்டாம். முந்தின வாரமே வீட்டில் மின்சாரத்தில் செருகி ஐந்து மணி நேரம் சும்மா ஓடவிட்டு, எத்தனை கோப்பு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கோவில் இளைஞர் குழு, மறுபடி: அப்படின்னா எம்பி3 320-லயே போட்டுடலாமே?

போடலாம். நிமிடத்துக்கு 2.4 எம்பி, பத்து மணிக்கு 1.44 ஜிபி. கேட்க மட்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். பிறகு வெட்டி ஒட்டி அளவைத் தூக்கி வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் WAV. குழுவில் யார் அந்த வேலையைச் செய்வார் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி: என்னிடம் 40 ஒலிநாடாக்கள் இருக்கின்றன, எல்லாம் 90 நிமிடம். அப்பா காலத்துத் தேவாரம், எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சு எல்லாம். ஒன்றை மகன் 128-ல் மாற்றிக் கொடுத்தான், மங்கலாக இருக்கிறது. அந்தக் கோப்பை 320-க்கு மாற்றினால் தெளிவாகுமா?

ஆகாது ஐயா. 128-ல் போன விவரம் போனதுதான். 320-க்கு மாற்றினால் நிமிடத்துக்கு 0.96 எம்பி இருந்தது 2.4 எம்பி ஆகும். இடம் இரண்டரை மடங்கு, சத்தம் பழையபடிதான். மங்கலுக்குக் காரணம் 128 தான் என்றும் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டேன். டேப் ரெக்கார்டரின் ஹெட் அழுக்காக இருந்தாலோ சாய்ந்திருந்தாலோ இப்படித்தான் கேட்கும். அதைத் துடைத்துவிட்டு நாடாவையே ஒருமுறை நேரடியாகப் போட்டுக் கேளுங்கள்.

நாற்பது நாடா 3,600 நிமிடம். 128-ல் மூன்றரை ஜிபி, 320-ல் 8.6 ஜிபி, 16bit/44.1kHz WAV-இல் 38 ஜிபி. 64 ஜிபி பென்டிரைவில் எல்லாமே அடங்கும் என்னும்போது WAV-இல் எடுப்பதுதான் என் யோசனை. பழைய நாடா ஒவ்வொரு முறை ஓடும்போதும் கொஞ்சம் தேயும். ஒரே முறை ஓட்டி நன்றாக எடுத்து, இரண்டு இடத்தில் வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அனுப்ப அதிலிருந்து சின்ன எம்பி3 எடுத்துக்கொள்ளலாம்.

தையற்கடை அக்கா: எங்கள் கடையில் மாட்டியிருக்கிற கேமரா ஒரு வாரத்திலேயே பழசை அழித்துவிடுகிறது. அதற்கும் இந்தக் கணக்குத்தானா?

கணக்கு அதேதான் அக்கா. ஆனால் படத்துக்கு ஓடும் பிட்டுக்கு முன்னால் ஒலி தூசு மாதிரி. கேமரா அமைப்பில் பிட்ரேட் என்று ஓர் எண் இருக்கும், அது கேபிபிஎஸ்ஸில் இருந்தால் 0.45-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை எம்பி என்று வந்துவிடும். மற்றதைக் கேமரா மாட்டினவரிடம் கேளுங்கள், அது என் தொழில் இல்லை.

கல்லூரி மாணவி: போன் ஆப்பில் 128kbps என்றுதான் வைத்தேன். ஒரு மணி நேர விரிவுரைக் கோப்பு 30 எம்பிதான் இருக்கிறது. 57.6 வர வேண்டாமா? பாதிப் பதிவு காணாமல் போய்விட்டதா?

முதலில் கடைசி ஐந்து நிமிடத்தைக் கேட்டுப் பாரம்மா. விரிவுரை முடியும்வரை இருந்தால் எதுவும் காணாமல் போகவில்லை.

கணக்கைத் திருப்பிப் போடு: 30-ஐ 0.45-ஆல் வகுத்தால் சுமார் 67 கேபிபிஎஸ். அதாவது ஆப் 128-ல் எழுதவே இல்லை. மோனோவுக்குத் தானாகவே 64 ஆக்கியிருக்கலாம். இல்லையென்றால் எண் ஏறி இறங்கும் முறையாக இருக்கலாம். அதில் அமைதியான இடத்தில் குறைவாகவும் பேச்சு வரும் இடத்தில் அதிகமாகவும் எழுதும். 128 என்பது அதற்கு ஓர் இலக்கு மட்டும்தான். எது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. கோப்பைக் கணினியில் வைத்து Properties, Details போய் Bit rate என்ன காட்டுகிறது என்று பார். இன்னொரு விரிவுரையையும் அதே மாதிரி வகுத்துப் பார். இரண்டிலும் 67 பக்கமே வந்தால் நிலையான 64 என்று எடுத்துக்கொள்ளலாம், ஆப் அமைப்பைத் தோண்ட வேண்டியதுதான். ஒன்றில் 67, இன்னொன்றில் 90 என்று வந்தால் ஏறி இறங்கும் முறை. அப்போது நான் சொன்ன சூத்திரம் தோராயம்தான். உன் கோப்புகளிலேயே பெரிதாக வந்ததை எடுத்து, அதற்கு மேல் கால்வாசி கூட்டி இடம் ஒதுக்கிக்கொள்.