மதினியின் இத்தா எந்த நாளில் தொடங்குகிறது?

அஸ்ஸலாமு அலைக்கும். எங்களுக்கு மேலப்பாளையம். அண்ணன் ஸஃபர் 10-ல் ரியாத்தில் மவுத்தானார். மையித்து ஊர் வந்து அடக்க 19 நாளாகிவிட்டது. அடக்கிய நாளிலிருந்துதான் இத்தா என்கிறார்கள். மதினிக்கு வெள்ளைச் சேலை உடுத்தி, சன்னலை அடைத்த அறையில் வைத்திருக்கிறோம். பீடி சுற்றக்கூடாதாம், பேங்குக்கும் போகக்கூடாதாம். இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். எது சரி?

வ அலைக்குமுஸ் ஸலாம். அண்ணனுக்கு அல்லாஹ் மஃபிரத் தரட்டும்.

இத்தா மவுத்தான நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும், அடக்கம் தாமதமானாலும். அடக்கிய நாளிலிருந்து எண்ணினால் மதினி 19 நாள் வீணாக அடைந்து கிடப்பார். பகரா சூராவின் 234-ம் வசனம் சொல்லும் காலம் 4 மாதம் 10 நாள். அவை பிறை மாதங்கள். ஸஃபர் 30 நாளானால் மீதம் 20 நாள். பிறகு ரபீஉல் அவ்வல், ரபீஉல் ஆகிர், ஜமாதுல் அவ்வல் மூன்றும் பிறைப்படி, 29 ஆனாலும் 30 ஆனாலும். முதல் மாதத்தின் குறை தீர 10 நாள், அதற்குமேல் 10 நாள். ஜமாதுல் ஆகிர் 20-ல் முடிகிறது. மாத நடுவில் மவுத்தானால் மொத்தமாக 130 நாள் எண்ணும் கருத்தும் ஹனஃபி மத்ஹபில் உண்டு. உங்கள் இமாமிடம் கேட்டு ஒன்றில் நில்லுங்கள். கர்ப்பமாக இருந்தால் இந்தக் கணக்கே இல்லை, பிரசவத்தோடு முடியும்.

விலக்கானவை சிலதான்: மறுமணம், அலங்காரம், அத்தர், சுர்மா, மருதாணி, நகை, அலங்காரமாகச் சாயமிட்ட உடை. வெள்ளை கட்டாயமில்லை, எளிய பழைய சேலை, எந்த நிறமானாலும் போதும். குளிக்கலாம், தலை வாரலாம், சன்னலைத் திறக்கலாம். யார் முன் வரலாம் என்பது முன்பு இருந்த சட்டமே. நீங்கள் மஹ்ரம் இல்லை என்பது அண்ணன் இருந்தபோதும் அப்படித்தான். சின்னப் பையன்களை விரட்டவோ, வாசலிலிருந்து மாமா பேசுவதைத் தடுக்கவோ காரணமில்லை.

இரவு அவர் தன் வீட்டில்தான் தங்க வேண்டும். பகலில் தேவைக்கு வெளியே போகலாம். பேங்கில் கையெழுத்து, ஆஸ்பத்திரி எல்லாம் தேவைதான். இருட்டுமுன் திரும்பினால் சரி. சும்மா ஊர் சுற்றவும் கல்யாண வீட்டுக்கும் கூடாது.

பீடி சுற்றுவதைத் தடுத்தது பெரிய பிழை. இத்தா காலத்துக்கென்று கணவர் சொத்திலிருந்து தனியாகச் செலவுப்பணம் விதவைக்குக் கிடையாது. அவருக்கு உள்ளது கொடுபடாத மஹரும் வாரிசுப் பங்கும். சுற்றுவதை நிறுத்தினால் பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவார்? வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை இது. நீங்கள் கடையிலிருந்து இலையும் தூளும் வாங்கிக் கொடுங்கள், சுற்றியதைக் கொண்டுபோய் எண்ணிக் கொடுத்து, கூலியை அவர் கையிலேயே தாருங்கள். மஹர் பாக்கி இருந்தால் அது அண்ணனின் கடன். சொத்துப் பிரிக்குமுன் கொடுக்க வேண்டும். பிறகு மீதியில் எட்டில் ஒரு பங்கு மதினிக்கு, பிள்ளைகள் இருப்பதால்.