கார் ஆடியோ சிடி: வரிசையும் இடைவெளியும்

"கச்சேரிப் பதிவைக் காருக்காக ஆடியோ சிடியாக எழுதினேன். பாட்டு வரிசை மாறுது, நடுவுல 2 விநாடி மௌனமும் வருது. ஏன்?"

ஆடியோ சிடியில் கோப்புப் பெயர்களே கிடையாது. எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற ஓர் அட்டவணை மட்டும் வட்டின் உள்விளிம்பில் இருக்கும். கார் பிளேயர் அதைத்தான் படிக்கிறது. அதனால் எழுதும் மென்பொருளின் பட்டியலில் உள்ள வரிசையே இறுதி வரிசை. கோப்புகளை மொத்தமாக இழுத்துப் போட்டால் மென்பொருள் 1, 10, 2 என்று அடுக்கிவிடக்கூடும். Burn அழுத்தும் முன் ஒருமுறை மேலிருந்து கீழே பாருங்கள்.

சரி, மௌனம்? Track-at-Once முறையில் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் லேசர் அணைந்து, மறுபடி எரியும். ஒவ்வொரு வரிக்கும் பேனாவைத் தூக்கி வைத்து எழுதுவது போல. அந்த இடத்தில்தான் 2 விநாடி விழுகிறது. Disc-at-Once முறையில் பேனாவை எடுக்காமலே முழு வட்டும் எழுதப்படும். அப்புறம் 2ஆம் பாட்டிலிருந்து இடைவெளியை 0 ஆக்கினால் கைதட்டல் அறுபடாமல் அடுத்த பாட்டுக்குள் போகும்.

இடைவெளியை 0 ஆக்கினால் எல்லாக் கோப்பும் ஒட்டிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் எம்பி3 ஆக்கும்போதே பாட்டின் இரு முனைகளிலும் நூலிழை மௌனம் சேர்ந்துவிடுவதால், கச்சேரிப் பதிவுக்கு WAV கோப்புகளையே எடுங்கள்.