வாலஸ் மரம் வைத்தும் பெருக்கி வேகமாகவில்லை என்றால்

கேள்வி: 8 பிட் பெருக்கிக்கு வெரிலாக்கில் வாலஸ் ட்ரீ எழுதினேன். வரிசை வரிசையாகக் கூட்டும் சாதாரண அர்ரே பெருக்கியை விட வேகம் கூடவே இல்லை. எங்கே தப்பு?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்று நினைக்கிறேன். விடை பெரும்பாலும் சரியாகத்தான் வருகிறது, டைமிங் ரிப்போர்ட் மட்டும் முகத்தில் கரி பூசுகிறது, இல்லையா? இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன், அதுவும் வைவா அறையில், எக்ஸ்டர்னல் முன்னால். அதனால்தான் வேலையை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் மரத்துக்குள் நடப்பதைப் பார்த்துவிடுவோம். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். பள்ளியில் கூட்டும்போது ஒன்றைப் போட்டு ஒன்றை மேலே ஏற்றுவோம். ஏற்றிய அந்த ஒன்று வந்து சேரும் வரை அடுத்த இடம் காத்திருக்கும். கேரி சேவ் ஆடர் அப்படிக் காத்திருப்பதில்லை. மூன்று எண்களை வாங்கி இரண்டு எண்களாகத் திருப்பித் தரும். ஒன்றில் ஒவ்வோர் இடத்தின் மீதியும் இருக்கும், இன்னொன்றில் கேரிகள் எல்லாம் அப்படியே சேர்த்து வைக்கப்பட்டிருக்கும்.

```
assign s = a ^ b ^ c;
assign k = ((a & b) | (b & c) | (a & c)) << 1;
```

5, 6, 7 மூன்றையும் போட்டுப் பாருங்கள். `101`, `110`, `111`. மீதி `100`, அதாவது 4. கேரி மூன்று இடத்திலும் 1, இடப்பக்கம் ஓர் இடம் நகர்த்தினால் `1110`, அதாவது 14. இரண்டையும் கூட்டினால் 18. எத்தனை பிட் நீளம் இருந்தாலும் ஆகும் நேரம் ஒரு ஃபுல் ஆடரின் நேரம்தான்.

அந்த `<< 1` என் இரண்டு நாளைத் தின்றது. நான் பிட் பிட்டாக ஃபுல் ஆடர்களை இணைத்திருந்தேன். கேரியை அடுத்த இடத்துக்கு அனுப்பாமல் அதே இடத்தில் விட்டிருக்கிறேன். கண்டுபிடிக்க ஏன் இரண்டு நாள்? நான் சோதித்தது 2 × 4, 8 × 16, 4 × 100. எல்லாம் சரியாக வந்தது. இரண்டின் அடுக்கால் பெருக்கினால் ஒரே ஒரு வரிசையில்தான் ஒன்றுகள் இருக்கும், கேரியே பிறக்காது, தப்பு எங்கிருந்து தெரியும்? 3 × 3 போட்டேன், 7 வந்தது. ஆகவே, 8 பிட் என்றால் மொத்தமே 65,536 ஜோடிகள்தான். ஒரு லூப் போட்டு அத்தனையையும் `a*b` உடன் ஒப்பிட்டு விடுங்கள்.

சரி, வேகத்துக்கு வருவோம்.

8 × 8 பெருக்கலில் எட்டு வரிசைகள் பிறக்கும். அர்ரே பெருக்கி முதல் மூன்றை இரண்டாக்கி, அப்புறம் மிச்சமுள்ள ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளும். ஆக மொத்தம் ஆறு மட்டம். மரத்தில் ஒரே சமயத்தில் பல மும்மூன்று வரிசைகள் சுருங்கும். 1964-இல் வாலஸ் சொன்ன யோசனை இது. அடுத்த ஆண்டே இத்தாலியர் லூயிஜி டாடா (லாரிக் கம்பெனி இல்லை) கடைசி இரண்டிலிருந்து பின்னோக்கி எண்ணினார். ஒரு மட்டத்தில் 3, இரண்டில் 4, மூன்றில் 6, நான்கில் 9 வரிசைகள் வரை சுருக்கலாம். எட்டு வரிசை ஒன்பதுக்குள் அடங்குவதால் 8, 6, 4, 3, 2 என்று நான்கே மட்டம். நான் எழுதியதும் டாடா வகைதான், ரிப்போர்ட் தலைப்பில் மட்டும் வாலஸ். 35 ஃபுல் ஆடர், 7 ஹாஃப் ஆடர்.

ஆறு நான்காகியும் டைமிங்கில் ஏன் தெரியவில்லை? எக்ஸ்டர்னல் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "கடைசி ரெண்டு வரிசையை எதால கூட்டினீங்க தம்பி?"

"ரிப்பிள் ஆடர் சார்." பள்ளிக் கூட்டல் மாதிரி, கேரி வந்து சேரும் வரை ஒவ்வோர் இடமும் காத்திருக்கும் வகை.

ஒரு பேப்பரை இழுத்து எழுதிக் காட்டினார். அர்ரேயில் ஒவ்வொரு மட்டத்திலும் விடையின் அடிமட்ட பிட் ஒன்று முடிந்து வெளியே போய்விடும். ஆறு மட்டம் முடியும்போது கூட்ட மிச்சமிருப்பது 8 இடம்தான். 6 + 8 = 14. மரத்தில் அப்படிப் பாதியில் எதுவும் முடிவதில்லை, கடைசியில் 14 இடத்துக்கும் கூட்ட வேண்டும். வலது ஓரத்து இடங்கள் சீக்கிரமே தயாராகிவிடுவதால் கேரி உடனே கிளம்பிவிடும், மட்டங்களின் நேரம் இதில் கரைந்துவிடும். ஆனாலும் 14 இடத்தையும் அது நடந்தே கடக்க வேண்டும். 14-க்கு 14. மரத்தில் மிச்சம் பிடித்ததை எல்லாம் வாலில் விட்டிருக்கிறேன். 32 பிட்டுக்கு அவரே கணக்குப் போட்டார். அர்ரேக்கு 30 + 32, மரத்துக்கு 62. அதுவும் சமம்!

(ஃபுல் ஆடரில் மீதி வரும் நேரமும் கேரி வரும் நேரமும் வேறு, கம்பி நீளத்தை விட்டுவிட்டாய் என்று யாராவது வருவீர்கள், தெரியும். ஏன் வேகம் கூடவில்லை என்று புரிய இந்த முரட்டுக் கணக்கு போதும்.)

அதனால் உங்கள் கோடில் கடைசி ஆடரைப் பாருங்கள். அது ரிப்பிள் என்றால் அங்கே கோகே-ஸ்டோன் மாதிரி ப்ரீஃபிக்ஸ் ஆடர் வையுங்கள். 14 பிட்டுக்குக் கேரி நான்கு படியில் முடிந்துவிடும். இன்னொன்று, 8 பிட்டில் மரத்தின் லாபமே இரண்டு மட்டம்தான். 32 பிட்டில் செய்து பாருங்கள். அர்ரே முப்பது மட்டம் இறங்கும், மரம் எட்டிலேயே முடித்துவிடும். வித்தியாசம் அங்கேதான் கண்ணில் படும்.

எஃப்பிஜிஏ போர்டில் ஓட்டுகிறீர்கள் என்றால் கதை வேறு. அதில் சாதாரண `+` போட்டாலே கேரிக்கென்று தனியாகப் போட்ட வேகப் பாதையில் போகும். நீங்கள் கையால் கட்டிய மரத்தின் ஒவ்வொரு மட்டமும் பொதுக் கம்பிகளில் சுற்றிச் சுற்றிப் போகும். `a*b` என்று எழுதினால் பெரும்பாலும் டூல் அதை உள்ளேயே இருக்கும் பெருக்கிக்கு அனுப்பிவிடும், அதை ஜெயிக்க நினைக்காதீர்கள். டைமிங் ரிப்போர்ட்டில் மெதுவான பாதையை ஒரு தரம் வரி வரியாகப் படியுங்கள். கடைசி ஆடரின் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நின்றால் ரிப்பிள்தான் திருடன். பாதையில் கேட்டை விடக் கம்பிக்கே அதிக நேரம் போயிருந்தால் அது எஃப்பிஜிஏ-வின் குணம், உங்கள் மரத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

என் கைடு இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் ஆறாத கோபம். அவர் கேட்டது வேவ்ஃபார்ம் ப்ரின்ட் அவுட்டும், ரிப்போர்ட் பைண்டிங் சொன்ன கலரில் இருக்கிறதா என்பதும்தான். என் பெஞ்சில் இரண்டு பேர் கடையில் ரெடிமேடாக ப்ராஜெக்ட் வாங்கினார்கள். அவர்கள் பைண்டிங் சரியான கலரில் இருந்தது. எனக்கு இரண்டு முறை மாற்றச் சொன்னார்கள், ஒவ்வொரு தடவையும் என் காசு.

எக்ஸ்டர்னல் அந்தப் பேப்பரை என்னிடமே கொடுத்துவிட்டார். ரிப்பிளை மாற்றி ஓட்டிப் பார்த்தது வைவா முடிந்து ஒரு வாரம் கழித்து. அதற்கு மார்க் கிடையாது.