அமெரிக்காவில் பிடித்த வரி இங்கே எவ்வளவு கழியும்? வேலூர் ஆடிட்டரிடம் கேள்வி பதில்

காட்பாடி, மென்பொருள் பொறியாளர்: மேடம், கம்பெனி கொடுத்த அமெரிக்கப் பங்குகளுக்கு 2025-26-ல் 2 லட்ச ரூபாய் அளவுக்கு டிவிடெண்ட் வந்தது. அங்கேயே 50,000 பிடித்துக்கொண்டார்கள். சம்பளம் கழிவு போக 22 லட்சம், புதிய வரி முறை. அந்த 50,000 முழுவதும் இங்கே கழிந்துவிடும்தானே?

கழியாது தம்பி. நான் போட்டால் 26,000 தான் வரும்.

வெளிநாட்டு வரிக் கழிவுக்கான வருமான வரி விதி 128 சொல்வது இவ்வளவுதான்: அந்த வருமானத்துக்கு வெளிநாட்டில் கட்டிய வரி ஒன்று, அதே வருமானத்துக்கு இந்தியாவில் வரும் வரி ஒன்று. இரண்டில் எது குறைவோ அது மட்டும் கழியும். வெளிநாட்டு வரி உங்களுக்குத் தெரியும், 50,000. இந்திய வரியைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சம்பளம் 22 லட்சம், டிவிடெண்ட் 2 லட்சம், மொத்தம் 24 லட்சம். டிவிடெண்டை வரி பிடிப்பதற்கு முந்தைய முழுத் தொகையாகக் காட்ட வேண்டும். கணக்கில் வந்து விழுந்த ஒன்றரை லட்சத்தைக் காட்டிவிட்டு 50,000-மும் கழிவு கேட்பவர்கள் வருடா வருடம் என்னிடம் வருகிறார்கள். சரி, 24 லட்சத்துக்குப் புதிய முறையில் வரி 3,00,000. செஸ் 12,000 சேர்த்தால் 3,12,000. அதை 24 லட்சத்தால் வகுத்தால் சராசரி 13 சதவீதம். 2 லட்சத்துக்கு 13 சதவீதம் 26,000.

மிச்சம் 24,000 போனது போனதுதான். அடுத்த வருடத்துக்கு எடுத்துப்போக முடியாது, இங்கே ரீஃபண்டாகவும் வராது. அமெரிக்காவும் திருப்பித் தராது, ஏனென்றால் தனிநபர் டிவிடெண்டுக்கு இந்திய அமெரிக்க ஒப்பந்தம் அனுமதிக்கும் உச்ச விகிதமே 25 சதவீதம். அவர்கள் பிடித்தது சரியான தொகை.

ராணிப்பேட்டை, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும் மேடம். அவருடைய 22 லட்சத்துக்கு மேல் வரும் 2 லட்சம் 25 சதவீத ஸ்லாபில்தான் விழுகிறது. செஸ் சேர்த்தால் 26 சதவீதம், அதாவது 52,000. டிவிடெண்ட் வராமல் இருந்திருந்தால் அந்த 52,000 வரியே இருந்திருக்காது. அப்படியானால் 50,000 முழுவதும் கழிய வேண்டும். சட்டத்தில் எங்கே சராசரி என்று போட்டிருக்கிறது?

ஐயா, உங்கள் கூட்டல் கழித்தல் சரி. கேள்வியும் நல்ல கேள்வி. பாதி இடத்தில் சட்டம் சராசரி என்று போட்டிருக்கிறது. ஒப்பந்தம் இல்லாத நாடுகளுக்கான பிரிவு 91-ல், மொத்த வருமான வரியை மொத்த வருமானத்தால் வகுத்து வருவதுதான் இந்திய வரி விகிதம் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. அமெரிக்காவுக்கு நமக்கு ஒப்பந்தம் இருப்பதால் இவருக்குப் பிரிவு 90. அங்கே வெறுமனே அந்த வருமானத்துக்கான வரி என்றுதான் வருகிறது. விதி 128-லும் அப்படித்தான், எப்படிக் கணக்கிடுவது என்று சொல்லவில்லை.

நடைமுறையில் ஆடிட்டர்களில் பெரும்பாலோர் சராசரியைத்தான் எடுக்கிறோம். டிவிடெண்ட்தான் கடைசியாக வந்தது, சம்பளம் முதலில் வந்தது என்று வரிசை வைக்கச் சட்டத்தில் இடமில்லை. 24 லட்சமும் ஒரே மொத்தம். ஆனால் உங்களைப் போல மேல் ஸ்லாபில் எடுத்து வாதாடுபவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது அபத்தம் என்று நான் சொல்லமாட்டேன். ரிட்டர்னில் வெளிநாட்டு வருமானத்தைக் காட்டும் Schedule FSI-ல் இந்திய வரிக்கான கட்டத்தை நாமேதான் நிரப்புகிறோம், 52,000 என்று போட்டாலும் வாங்கிக்கொள்ளும். பிறகு கேள்வி வந்தால் 24,000-மும் வட்டியும் யார் கட்டுவது என்பதை யோசித்துவிட்டுப் போடுங்கள். என் கட்சிக்காரருக்கு நான் போடமாட்டேன்.

ராணிப்பேட்டை, அதே அதிகாரி: நான் போடுவேன் மேடம். நோட்டீஸ் வந்தால் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் விருப்பம் ஐயா. எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, அந்த வருடத்துக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூர், தோல் வியாபாரம்: எங்களுக்கு ஜெர்மனியோடு வியாபாரப் பழக்கம், அந்த நம்பிக்கையில் அங்கே ஒரு கம்பெனியின் பங்கு வாங்கினேன். டிவிடெண்ட் 80,000 ரூபாய், பிடித்தது 21,100. சிங்கப்பூர் பங்கில் 50,000 வந்தது, அங்கே பைசா பிடிக்கவில்லை. ஜெர்மனியில் கூடுதலாகப் போனதைச் சிங்கப்பூர் டிவிடெண்டுக்கு வரும் வரியில் கழித்துக்கொள்ளலாமா? என் சராசரி 20 சதவீதம் என்று என் கணக்குப்பிள்ளை சொன்னார்.

கூடாது பாய். ஒவ்வொரு நாட்டுக்கும், அந்த நாட்டு வருமானத்தின் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக வரம்பு பார்த்து, கடைசியில்தான் கூட்ட வேண்டும். ஒரு நாட்டில் வழிந்ததை இன்னொரு நாட்டுப் பாத்திரத்தில் பிடிக்க முடியாது.

சிங்கப்பூரில் வரி கட்டவில்லை, அதனால் கழிவு பூஜ்யம். 50,000-க்கு 10,000 இங்கே முழுதாகக் கட்டுங்கள்.

ஜெர்மனியில்தான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. அங்கே 25 சதவீத வரி, அதன்மேல் ஐந்தரை சதவீத ஒற்றுமை வரி, ஆக 26.375 சதவீதம் பிடிக்கிறார்கள். ஆனால் இந்தியா ஜெர்மனி ஒப்பந்தப்படி உச்சம் 10 சதவீதம், உங்களுக்கு 8,000. ஒப்பந்த விகிதத்துக்கு மேல் பிடித்ததை விதி 128 கண்டுகொள்ளாது. எனவே ஒப்பிட வேண்டியது 21,100-ஐ அல்ல, 8,000-ஐ. இந்திய வரி 16,000 என்பதால் குறைவான 8,000 கழியும், மீதி 8,000 இங்கே கட்ட வேண்டும்.

அப்போது 13,100 எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அது ஜெர்மன் அரசிடம் இருக்கிறது, நம் வருமான வரித் துறை தராது. அங்கே உள்ள மத்திய வரி அலுவலகத்தில்தான் திரும்பக் கேட்க வேண்டும். அதற்கு நீங்கள் இந்தியவாசி என்று நம் வரித் துறை சான்று தர வேண்டும். படிவம் 10FA-ல் விண்ணப்பித்தால் 10FB-ல் சான்று வரும். டிவிடெண்ட் வந்த காலண்டர் ஆண்டு முடிந்து நான்கு ஆண்டு வரை கேட்கலாம். புரோக்கரிடமிருந்து வரி பிடித்ததற்கான சான்றும் வேண்டும், அதுதான் பலருக்குக் கிடைப்பதில்லை. 13,100-க்காக அலைவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

சத்துவாச்சாரி, கல்லூரி விரிவுரையாளர்: எனக்கு அமெரிக்கப் பங்கில் 30 சதவீதம் பிடித்திருக்கிறார்கள் மேடம். மேலே ஒருவருக்கு 25 என்கிறீர்களே.

அமெரிக்கவாசி இல்லை என்று அறிவிக்கும் W-8BEN படிவத்தைப் புரோக்கரிடம் கொடுத்திருக்க மாட்டீர்கள், அல்லது அது காலாவதியாகியிருக்கும். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு மூன்றாவது காலண்டர் ஆண்டின் முடிவு வரைதான் அது செல்லும். ஜெர்மன் கதைதான் இதுவும், 25-க்கு மேலான 5 சதவீதம் இங்கே கணக்கிலேயே வராது. முதலில் படிவத்தைப் புதுப்பியுங்கள்.

குடியாத்தம், தனியார் நிறுவன ஊழியர்: டிவிடெண்டையும் சேர்த்து என் மொத்த வருமானம் 11 லட்சம்தான். 12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் அமெரிக்காவில் பிடித்த 15,000 எனக்கு ரீஃபண்டாக வருமா அக்கா? இல்லை, அங்கேயே வரி கட்டியாச்சு என்று காட்டாமல் விட்டுவிடலாமா?

இரண்டும் இல்லை தம்பி. பிரிவு 87A ரிபேட்டில் உங்கள் இந்திய வரி பூஜ்யமாகிவிடுகிறது. 15,000, பூஜ்யம், எது குறைவு? கழிக்க வரியே இல்லாதபோது கழிவு ஏது. அந்த 15,000 உங்கள் செலவு. டிவிடெண்ட் கொடுக்காமல் வளரும் பங்கு வாங்குவதா என்பதெல்லாம் வேறு பேச்சு.

காட்டாமல் மட்டும் விடாதீர்கள். வெளிநாட்டுப் பங்கு வைத்திருக்கும் இந்தியவாசி ITR-2-ல் வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டும் Schedule FA நிரப்ப வேண்டும், வரி வந்தாலும் வராவிட்டாலும். அது காலண்டர் ஆண்டுக் கணக்கு, டிவிடெண்ட் வருமானம் ஏப்ரல் முதல் மார்ச் கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வாலாஜா, மளிகைக் கடை: நான் நம்மூர் மியூச்சுவல் ஃபண்ட் மூலமாக அமெரிக்க ஃபண்டில் போட்டிருக்கிறேன். வெளிநாட்டு வரிக்குக் கழிவு கேட்கும் படிவம் 67-ஐ நானும் போட வேண்டுமா?

வேண்டாம். நீங்கள் வைத்திருப்பது இந்திய ஃபண்டின் யூனிட். அங்கே பிடிக்கும் வரி ஃபண்டின் தலையில் விழுகிறது, உங்கள் பெயரில் அல்ல.

பாகாயம், ஓய்வுபெற்ற செவிலியர்: 18 வருடம் அமெரிக்காவில் வேலை செய்துவிட்டு 2024 ஜூனில் ஊர் திரும்பினேன். கிரீன் கார்டை ஒப்படைத்துவிட்டேன். அங்கே உள்ள பங்குகளின் டிவிடெண்ட் அங்கே உள்ள கணக்கிலேயே விழுகிறது. எனக்கு எவ்வளவு கழியும்?

உங்களுக்கு வரம்புக் கணக்கே தேவைப்படாமல் போகலாம் அம்மா. முந்தைய 10 நிதியாண்டில் 9-ல் வெளிநாட்டுவாசியாக இருந்தவர், அல்லது முந்தைய 7 ஆண்டில் இந்தியாவில் 729 நாளுக்கு மேல் இல்லாதவர், வழக்கமாக வசிக்காத இந்தியவாசி என்ற தகுதியில் வருவார். அவருக்கு வெளிநாட்டில் விழும் டிவிடெண்டுக்கு இங்கே வரி இல்லை. வரி இல்லாத இடத்தில் கழிவும் இல்லை. 2025-26-க்கு முதல் சோதனையிலேயே நீங்கள் தேறிவிடுவீர்கள். 2026-27-க்கு இரண்டாவதைத்தான் நம்ப வேண்டும். நீங்கள் திரும்பியதிலிருந்து 2026 மார்ச் வரை ஏறக்குறைய 665 நாள். அதற்கு முன்பு விடுமுறையில் வந்து தங்கிய நாட்களும் சேரும், பாஸ்போர்ட்டை எடுத்து முத்திரைகளை எண்ணிப் பாருங்கள். புரோக்கரிடமும் நீங்கள் இனி அமெரிக்கவாசி இல்லை என்று சொல்லி W-8BEN கொடுக்க வேண்டும்.

ஆற்காடு, ஐ.டி. ஊழியர்: அமெரிக்காவிலிருந்து வரி பிடித்ததற்கான 1042-S படிவம் வருவதற்குள் ரிட்டர்ன் தேதி ஓடிவிடுகிறது. அது காலண்டர் ஆண்டுக்கு வேறு வருகிறது. படிவம் 67-ஐ ரிட்டர்னுக்கு முன்னால் போடாவிட்டால் கழிவே போய்விடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார்.

நண்பர் பழைய விதியைச் சொல்கிறார். 2022 ஆகஸ்டில் மாற்றிவிட்டார்கள். ரிட்டர்னை உரிய தேதிக்குள்ளோ, தாமத ரிட்டர்னாகவோ போட்டிருந்தால், படிவம் 67-க்கு மதிப்பீட்டு ஆண்டின் கடைசி நாள் வரை நேரம் உண்டு. 2025-26 வருமானத்துக்கு 2027 மார்ச் 31. ஆனாலும் ரிட்டர்னோடு சேர்த்தே போட்டுவிடுங்கள். படிவம் இல்லாமல் ரிட்டர்ன் பரிசீலிக்கப்பட்டால் கழிவை வெட்டிவிட்டு டிமாண்ட் அனுப்பிவிடுவார்கள், அப்புறம் திருத்த மனு என்று இழுக்கும். தாமதமான படிவத்துக்காக மட்டும் கழிவை மறுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது. ஆனால் அது தவறியவர்களுக்கான வழி.

1042-S-க்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வரி பிடித்ததற்கு ஆதாரம் இருந்தால் நீங்களே கையெழுத்திட்ட அறிக்கையை விதி ஏற்கிறது. புரோக்கரின் மாத ஸ்டேட்மெண்டில் ஒவ்வொரு டிவிடெண்டுக்குக் கீழேயும் பிடித்த வரி தனி வரியில் இருக்கும், அதை ஏப்ரல் முதல் மார்ச் வரை எடுத்துக்கொள்ளுங்கள். டாலரை ரூபாயாக்க, டிவிடெண்ட் வந்த மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளின் ஸ்டேட் வங்கி TT வாங்கும் விலை, அதாவது தந்தி மாற்றில் வங்கி டாலர் வாங்கும் விலை. வரி பிடித்ததும் அதே மாதம் என்பதால் அதற்கும் அதே விலைதான். மார்ச்சில் வந்த டிவிடெண்டுக்குப் பிப்ரவரி 28-ஆம் தேதி விலை. அன்று சனிக்கிழமையாக இருந்தால் என்ன என்று கேட்காதீர்கள், நான் அதற்கு முந்தைய வேலை நாளின் விலையைப் போடுகிறேன், இதுவரை யாரும் கேட்டதில்லை.